கனடா ஸ்பான்சர்: ஃபைல் போட்ட பிறகு வீட்டில் கல்யாணம் வந்தால்?

மதுரை ஆனையூரில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமுக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முகாம் ஆட்கள் பதிவு, சான்றிதழ் என்று எதற்காவது வந்துகொண்டே இருப்பார்கள். கடந்த சில ஆண்டுகளாக அவர்கள் அதிகம் கேட்பது கனடா ஸ்பான்சர் படிவம்தான். நான் ஏஜென்ட் இல்லை. பிரிண்ட் காசு மட்டும் வாங்குகிறேன். ஆனால் ஒரே தவறைப் பல வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டதால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது வேலை விசாவும் இல்லை, சொந்தக்காரரை அழைத்துக்கொள்ளும் விசாவும் இல்லை. கனடாவில் இருக்கும் சாதாரண மக்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, வெளிநாட்டில் அகதியாக இருப்பவரைத் தங்கள் பொறுப்பில் வரவழைத்துக்கொள்ள அந்த நாடு 1979 வாக்கில் தொடங்கிய ஏற்பாடு. 'மாமா கூப்பிடுகிறார்' என்பது மட்டும் போதாது. நீங்கள் அகதிதான் என்று கனடா அதிகாரி ஏற்க வேண்டும், மாமாவின் குழுவும் தேற வேண்டும். இரண்டும் தனித்தனி முடிவுகள்.

யார் மூலமாகப் போடுவது

குழுக்களில் மூன்று வகை உண்டு. ஒன்று, அரசோடு ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருக்கும் அமைப்புகள். இவற்றில் பெரும்பாலானவை மறைமாவட்டங்கள், தேவாலயங்கள், சமூக அமைப்புகள். இரண்டாவது, ஐந்து பேர் குழு. ஒரே பகுதியில் வசிக்கும், 18 வயது நிரம்பிய, குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள ஐந்து பேர் சேர்ந்தால் போதும். மூன்றாவது, ஒப்பந்தம் இல்லாத உள்ளூர் அமைப்புகள்.

நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஐந்து பேர் குழுவைத்தான். மாமா, சித்தப்பா, அவருடைய நண்பர்கள் என்று ஐந்து பேரைத் தேற்றிவிடலாம் என்று நினைப்பார்கள். அதில் இரண்டு சிக்கல்கள். விண்ணப்பிப்பவர் அகதி என்று ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆரோ அவர் தங்கியிருக்கும் நாடோ அங்கீகரித்த ஆவணத்தை ஐந்து பேர் குழு கட்டாயம் வைக்க வேண்டும். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. முகாம் அடையாள அட்டை உங்களுக்கு இங்கே எவ்வளவோ பயன்படும். அங்கே அதை அந்த அங்கீகாரமாக எடுத்துக்கொள்வார்களா என்பதை அதிகாரிதான் முடிவு செய்வார். இன்னொன்று, 2024 நவம்பர் 29 முதல் ஐந்து பேர் குழுவிடமும் உள்ளூர் அமைப்புகளிடமும் புது விண்ணப்பம் வாங்குவதையே கனடா நிறுத்தி வைத்தது. முதலில் 2025 கடைசி வரை என்றுதான் அறிவித்தார்கள். ஆகவே மாமா படிவத்தை நிரப்ப உட்காரும் முன், இப்போது வாங்குகிறார்களா என்று அரசுத் தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்த அமைப்புக்கு அந்த அங்கீகார ஆவணக் கட்டாயம் இல்லை. ஆனால் ஓர் ஆண்டில் அது இத்தனை தலைகளுக்குத்தான் போடலாம் என்று கணக்கு உண்டு. நான்கு பேர் குடும்பம் என்றால் நான்கு இடம் போய்விடும். அதனால் அங்கேயே ஒரு வரிசை நிற்கும். 'சர்ச்சில் பெயர் கொடுத்தாச்சு' என்றால் விண்ணப்பம் போட்டாச்சு என்று அர்த்தம் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் ஒன்றரை வருடம் காத்திருந்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். விண்ணப்பங்களை வாங்கும் ஒட்டாவா அலுவலகத்தில் அவர்கள் பெயரில் ஃபைலே இல்லை.

மாமா எதற்குக் கையெழுத்துப் போடுகிறார்

ஸ்பான்சர் என்றால் விமானச் சீட்டு எடுத்துக் கொடுப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நீங்கள் போய் இறங்கிய நாளிலிருந்து வழக்கமாக 12 மாதம், அல்லது அதற்கு முன்பே நீங்கள் சொந்தக் காலில் நிற்கும் வரை, குழு உங்களைத் தாங்க வேண்டும். விமான நிலையத்துக்கு வருவதில் தொடங்கி வீடு, கட்டில், பாத்திரம், குளிர்காலச் சட்டை, மாதச் சாப்பாட்டுச் செலவு, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவ அட்டை, வங்கிக் கணக்கு, ஆங்கில வகுப்பு வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. தனி ஆளுக்கு ஓராண்டுக்கு 16,500 கனடிய டாலர் என்ற கணக்கை அரசு அட்டவணையில் பார்த்திருக்கிறேன். குடும்பம் பெரிதானால் தொகையும் ஏறும். இந்தப் பணம் இருக்கிறது, அல்லது மாத வருமானத்திலிருந்து தர முடியும் என்று குழு முன்கூட்டியே காட்ட வேண்டும்.

இந்தப் பணத்தை உங்களிடம் முன்பணமாக வாங்கக் கூடாது. வந்த பிறகு 'வேலை செய்து திருப்பிக் கொடு' என்றும் கேட்கக் கூடாது. இது விதி. விண்ணப்பத்துக்கும் கட்டணம் கிடையாது. ஆகவே மதுரையில் யாராவது 'ஸ்பான்சர் லெட்டருக்கு இத்தனை லட்சம்' என்றால், அந்தக் கடிதத்தின் மதிப்பு என் கடையில் எடுக்கும் ஜெராக்ஸின் மதிப்புதான். சொந்த மாமாவே கேட்டாலும் கொடுக்காதீர்கள். கேட்பதற்குச் சங்கடம்தான். ஆனால் நேர்காணலில் 'யாருக்காவது பணம் கொடுத்தீர்களா?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

விமானப் பயணச் செலவு தனி. அதற்குக் கனடா அரசு கடன் தரும், 2018 முதல் வட்டி இல்லை. அந்தக் கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும், மாமாவின் பெயரில் இல்லை. போய்ச் சேர்ந்து ஓராண்டுக்குப் பிறகு கட்டத் தொடங்கினால் போதும்.

படிவம்: உச்சபட்டி அக்காவின் கதை

திருமங்கலம் பக்கம் உச்சபட்டி முகாமிலிருந்து ஓர் அக்கா வந்தார். அவருக்கு வயது 48, கணவர் இல்லை. மகனுக்கு 25. மகளுக்கு 22 முடிய இன்னும் ஐந்து மாதம். எழுபதைத் தாண்டிய மாமியாரும் உடன் இருக்கிறார். கனடாவில் அக்காவின் தம்பி ஒரு தேவாலயத்தின் மூலம் ஏற்பாடு செய்துவிட்டார். "நாலு பேருக்கும் ஒரே ஃபாரம்தானே தம்பி?" என்று கேட்டார்.

இல்லை. கனடா கணக்கில் குடும்பம் என்றால் பொதுவாகக் கணவன் அல்லது மனைவி, பிறகு 22 வயதுக்குக் கீழே உள்ள திருமணமாகாத பிள்ளைகள். அவ்வளவுதான். மாமியாருக்குத் தனி விண்ணப்பம், 25 வயது மகனுக்கும் தனி விண்ணப்பம். ஒன்றாக அனுப்பி, ஒன்றாகப் பாருங்கள் என்று கேட்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முடிவு வரும். மகள் மட்டும் அக்காவின் விண்ணப்பத்துக்குள் வருவாள், அதுவும் 22 முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால்.

முதன்மைப் படிவம் IMM 0008. அதோடு அகதிக் கதையை எழுதும் Schedule 2. அப்புறம் IMM 5669, 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரப்ப வேண்டியது. பத்து ஆண்டுகளாக எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று இடைவெளி இல்லாமல் அதில் கேட்பார்கள். 'சும்மா வீட்டில் இருந்தேன்' என்பதையும் மாதம், வருடம் போட்டு எழுத வேண்டும்.

அக்கா வீட்டில் அந்த IMM 5669 படிவத்தை மகளுக்கு நிரப்பவில்லை. அம்மாவுடையது இருக்கிறதே, பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். குறையுள்ள விண்ணப்பத்தை ஒட்டாவா வைத்துக்கொள்ளாது, அப்படியே திருப்பி அனுப்பிவிடும். அது திரும்பி வர மூன்று மாதம் ஆனது. இங்கேதான் ஆபத்து. பிள்ளையின் வயது, முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில்தான் பூட்டப்படும். திரும்பி வந்த விண்ணப்பத்தின் தேதி கணக்கில் வராது. மறுபடி எல்லாவற்றையும் நிரப்பி, பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. இன்னும் பத்து நாள் தள்ளியிருந்தால் அந்தப் பெண்ணும் தனி விண்ணப்பம் போட வேண்டியிருந்திருக்கும்.

அடுத்து பெயர். அக்காவின் மாமனார் பெயர் தர்மலிங்கம். தமிழில் எப்படி எழுதினாலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் முகாம் பதிவில் T, மதுரைப் பள்ளிச் சான்றிதழில் D. எதையும் திருத்தி அழகாக்கப் பார்க்காதீர்கள். முகாம் பதிவில் உள்ளதை முதன்மையாக எழுதி, மற்ற எழுத்துகளைப் 'பயன்படுத்திய பிற பெயர்கள்' என்ற இடத்தில் கொடுத்துவிடுங்கள். இனிஷியலை விரித்து முழுப் பெயராகவே எழுதுங்கள்.

Schedule 2 பற்றி ஒரு வார்த்தை. 1990இல் படகேறி வந்த கதையைக் கண்ணீரோடு மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். அது உண்மைதான், அதையும் எழுத வேண்டும். ஆனால் அதிகாரி தேடுவது வேறு. போர் 2009இல் முடிந்துவிட்டது, இப்போது ஏன் திரும்பிப் போக முடியாது? இத்தனை வருடம் இருந்த இந்தியாவில் ஏன் நிரந்தரமாக நிலைக்க முடியவில்லை? இந்த இரண்டுக்கும் உங்கள் வீட்டுக்கே உரிய பதில் வேண்டும். காணாமல் போன அண்ணன், விசாரணைக்கு வந்து போனவர்கள், கையை விட்டுப் போன காணி, இங்கே பிறந்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள். பக்கத்து வீட்டுக்காரரின் கதையை நகல் எடுத்தால் நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். நேர்மையாகச் சொன்னால், 'அங்கே போகப் பயமில்லை, இங்கே எதிர்காலம் இல்லை' என்பது மட்டுமே உங்கள் காரணம் என்றால் இந்த வழி உங்களுக்குத் திறக்காது.

அப்புறம், மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். பாஸ்வேர்டு உங்கள் நோட்டில் இருக்கட்டும். எங்கோ ஒரு கடையில் கடைக்காரர் தன் மின்னஞ்சலையே போட்டுக் கொடுத்து, கடையை மூடிக்கொண்டு போய்விட்டார். நேர்காணல் அழைப்பு வந்ததே அந்தக் குடும்பத்துக்குத் தெரியவில்லை.

காத்திருப்பு

ஒட்டாவா ஏற்றுக்கொண்டால் G என்று தொடங்கும் ஓர் எண் வரும். அதை வீட்டில் எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஃபைல் வெளிநாட்டில் உள்ள கனடா விசா அலுவலகத்துக்குப் போகும். அப்புறம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எந்தச் சத்தமும் இருக்காது. ஆண்டுக்கு எத்தனை பேரை இந்த வழியில் எடுப்பது என்று கனடா முன்கூட்டியே எண்ணிக்கை வைத்துவிடுகிறது. 2025க்கு வைத்தது 23,000, உலகம் முழுவதற்கும் சேர்த்து. வரிசையில் நிற்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. அதனால் தாமதம் என்பது உங்கள் ஃபைலில் ஏதோ கோளாறு என்று பொருள் அல்ல. யாரும் பணம் வாங்கி அதைத் தள்ளிவிடவும் முடியாது.

இந்தச் சத்தமில்லாத காலத்தில்தான் வீட்டில் வாழ்க்கை நடக்கிறது. குழந்தை பிறக்கிறது, முதியவர் இறக்கிறார், முகாம் மாறுகிறது, செல்போன் எண் மாறுகிறது. எல்லாவற்றையும் G எண்ணோடு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஸ்பான்சர் குழுவுக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலை கூடினால் அவர்கள் காட்ட வேண்டிய பணமும் கூடும். இவற்றில் எதுவும் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து கல்யாணம்.

அக்காவின் மகளுக்கு மூன்றாவது வருடத்தில் வரன் வந்தது. திருவாதவூர் முகாமில் நல்ல பையன், பெயிண்டிங் வேலை. பெண்ணுக்கு 24. வயது பூட்டப்பட்டிருப்பதால் 24 ஆனாலும் அவள் அம்மாவின் ஃபைலில் பிள்ளைதான். ஆனால் கழுத்தில் தாலி ஏறிய நாளிலேயே அந்தத் தகுதி போய்விடும். வயது பூட்டப்படும், கல்யாணமாகாத நிலை பூட்டப்படாது. விசா கொடுக்கும்போதும், கனடாவில் கால் வைக்கும்போதும் அவள் மணமாகாதவளாக இருக்க வேண்டும்.

"பதிவு பண்ணாம கோயில்ல வச்சுக் கட்டிருவோம் தம்பி, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் அக்கா. திருப்பரங்குன்றத்தில் கட்டினாலும் முகாம் பிள்ளையார் கோயிலில் கட்டினாலும் கல்யாணம் கல்யாணம்தான். பதிவு என்பது அதற்குச் சாட்சி, அவ்வளவுதான். மறைத்துப் போனால் பிறகு நடப்பது இது. அங்கே போய் நிரந்தர வதிவிடம் வாங்கிய பின், 'கணவரை அழைத்துக்கொள்கிறேன்' என்று விண்ணப்பிப்பாள். கல்யாணத் தேதியைப் பார்ப்பார்கள். வருவதற்கு முன்பே நடந்த கல்யாணம், படிவத்தில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்ட கணவரைக் குடும்ப விசாவில் அழைக்கவே முடியாது என்பது கனடா விதி. 2019இல் இதற்குத் தற்காலிகமாக ஒரு தளர்வு கொண்டுவந்தார்கள். ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் இவள் வந்திருக்கவே முடியாது என்னும் இடத்தில் அந்தத் தளர்வு உதவாது. இந்தப் பெண்ணின் நிலை அதுதான். போதாக்குறைக்கு, பொய் சொல்லி வந்தாள் என்று அவளுடைய சொந்த அனுமதியையே தோண்டலாம்.

அவளுக்கு இருந்த நேர்மையான வழிகள் இரண்டு. இப்போதே கட்டிக்கொண்டு, கனடாவுக்கு எழுதித் தெரிவித்து, அம்மாவின் ஃபைலிலிருந்து வெளியே வருவது. அவளும் கணவனும் தனியாக ஒரு குழுவைப் பிடித்துப் புது வரிசையில் நிற்க வேண்டும். அல்லது நிச்சயத்தோடு நிறுத்தி, போய்ச் சேர்ந்த பிறகு கட்டுவது. நிச்சயதார்த்தம் கல்யாணம் ஆகாது. ஆனால் ஓராண்டு ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தால் அதையும் துணைவர் உறவாகவே எடுத்துக்கொள்வார்கள். போன பிறகு கட்டுவதும் லேசல்ல. வீடியோ காலில் தாலி கட்டுவதை 2015 முதல் ஒப்புக்கொள்வதில்லை, இருவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அவள் பயண ஆவணம் எடுத்து, இந்திய விசா வாங்கி, மதுரைக்குத் திரும்பி வர வேண்டும்.

இதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, மாப்பிள்ளை வீட்டாரையும் கடைக்கு வரச் சொல்லி எதிரிலேயே படித்துக் காட்டினேன். எப்போது அழைப்பு வரும் என்று பையனின் அப்பா கேட்டார். தெரியாது என்றேன். ஆறு மாதம் பார்த்துவிட்டு அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு என்மேல் கொஞ்ச நாள் கோபம் இருந்தது.

மகனுக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரி. அவன் தன் விண்ணப்பத்தில் தானே முதன்மை ஆள். அவன் இடையில் கல்யாணம் செய்துகொண்டாலும் ஃபைல் கைவிட்டுப் போகாது. மனைவியைச் சேர்க்க வேண்டும், மனைவிக்குப் படிவம் வேண்டும், ஸ்பான்சர் இரண்டு பேருக்குப் பொறுப்பேற்க வேண்டும். தாமதம் ஆகும், ஆனால் கதவு மூடாது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு நியாயம், தங்கைக்கு ஒரு நியாயம் என்று தோன்றும். யார் பெயரில் ஃபைல் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். இதனால்தான் இருபதைத் தாண்டிய பிள்ளை உள்ள வீடுகளுக்கு நான் இப்போது முதலிலேயே சொல்கிறேன்: வயது இடம் கொடுக்கிறதே என்று பெண்ணை அம்மாவின் ஃபைலில் சேர்ப்பதற்கு முன், நாலைந்து வருடம் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைக்க முடியுமா என்று அவளையே கேளுங்கள்.

ஏதோ காரணத்தால் கணவனோ மனைவியோ பிள்ளையோ இப்போது உடன் வரவில்லை, இலங்கையில் இருக்கிறார்கள் என்றாலும் படிவத்தில் பெயர் இருக்க வேண்டும். எழுதியிருந்தால் நீங்கள் போய்ச் சேர்ந்த ஓராண்டுக்குள் கேட்டு அவர்களை வரவழைக்க வழி உண்டு. எழுதாவிட்டால் இல்லை.

அழைப்பு வந்த பிறகு

நேர்காணல் எந்த ஊரில் என்பது அழைப்பிலேயே இருக்கும். முகாமை விட்டு வெளியூர் போவதற்கு முன் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அழைப்பின் பிரதியை மனுவோடு இணைத்தால் வேலை சுலபம். உள்ளே ஒவ்வொருவரையும் தனியாகவும் கேட்கலாம். படிவத்தின் நகலை வீட்டில் வைத்திருந்து, போவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை படியுங்கள். மனப்பாடம் செய்வதற்காக இல்லை. நான்கு வருடத்துக்கு முன் என்ன தேதி எழுதினோம் என்று நமக்கே மறந்திருக்கும்.

அதில் தேறினால் கைரேகை, மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புச் சோதனை. கடைசியில் இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதி. கனடா விசா கொடுத்தாலும் இது இல்லாமல் விமானம் ஏற முடியாது. முகாம் பதிவு, காவல் துறை அறிக்கை, மாவட்ட நிர்வாகம், சென்னையில் உள்ள மறுவாழ்வுத் துறை என்று தாள் பல மேசைகளைத் தாண்ட வேண்டும். பதிவு செய்துகொண்டு 2015 ஜனவரி 9 வரை வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்ற குற்றத்திலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. அந்தப் பதிவு உங்களுக்கு இருக்கிறதா, விட்டுப்போன பிள்ளை பெயர் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது மருத்துவப் பரிசோதனையின் ஆயுள். அது 12 மாதம்தான் செல்லும். அதற்குள் வெளியேறும் அனுமதி வராவிட்டால் மறுபடி பரிசோதனை, மறுபடி காத்திருப்பு. அக்காவின் மாமியாருக்கு அப்படித்தான் ஆனது. மற்ற மூவரின் தாள்களும் தயாராக இருந்தபோது பாட்டியின் முகாம் பதிவில் பிறந்த வருடம் வேறாக இருந்ததால் அவருடையது மட்டும் நின்றுவிட்டது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் மருத்துவத் தேதி முடிந்துவிட்டது. மகன் தன் பயணத்தைத் தள்ளிப்போட்டுப் பாட்டியோடு உச்சபட்டியில் இருந்துவிட்டான். அக்காவும் மகளும் முதலில் போனார்கள்.